விசிலுக்கு எதிர் அலை

கம்பெனியில் எல்லோரும் அவளைக் "காது மேடம்" என்றுதான் சொல்வார்கள். ஹெட்ஃபோனுக்குள் வெளிச் சத்தத்தை அடக்கும் பகுதியைச் சீர்செய்து தருவது அவள் வேலை. ஒரு மாடல் கடைக்குப் போவதற்கு முன்னால் அவள் மேசைக்கு வந்தே ஆகவேண்டும். மேசைக்கு எதிரே மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பார். மாப்பிள்ளை என்றால் தோள் வரைக்குமான ஒரு சாம்பல் நிறப் பொம்மை. ரப்பர் காதுகள், காதுக் குழாயின் முடிவில் இரண்டு மைக். என்ன சத்தம் போட்டாலும் கேட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் இருப்பதால் அந்தப் பெயர். வைத்தவள் அவள்தான்.

மாப்பிள்ளையின் தலையில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, சுற்றியிருக்கும் ஸ்பீக்கர்களில் பஸ் எஞ்சின், விமானம், ஜெனரேட்டர் என்று ஒவ்வொன்றாக ஓடவிடுவாள். ஹெட்ஃபோனின் வெளிப்பக்கத்து மைக் அந்த உறுமலைக் காதுக்கு வரும் முன்பே பிடித்துவிடும். உள்ளே இருக்கும் சிப் அதைத் தலைகீழாக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கும். உறுமல் காற்றை அழுத்தும் நொடியில் ஹெட்ஃபோன் காற்றைத் தளர்த்தும். உறுமல் தளர்த்தும்போது ஹெட்ஃபோன் அழுத்தும். இரண்டும் காதுக்குள் சந்திக்கும்போது ஒன்றையொன்று தின்றுவிடும். மிச்சம் என்ன இருக்கிறது என்று உள்பக்கத்து மைக் கேட்டுச் சொல்ல, சிப் மேலும் திருத்தும். பேராசைப்பட்டுத் திருத்தத்தை ரொம்ப ஏற்றினால் ஹெட்ஃபோனே ஊளையிட ஆரம்பித்துவிடும். கணினித் திரையில் உறுமலின் மேடு சரிந்து தரையோடு படுக்கும் அந்தக் கணத்தை எத்தனை வருடமாகப் பார்த்தாலும் அவளுக்கு அலுத்ததில்லை.

அவளுடைய அண்ணன் ஒரு பயணிக் கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை பார்த்தார். இரண்டு கரைகளுக்கு நடுவே போய்வரும் பெரிய ஃபெர்ரி. கூட வேலை செய்பவர்கள் அவரை ஆயில் அண்ணன் என்பார்கள். எஞ்சினுக்கு எண்ணெய் பார்ப்பவர், வால்வைத் திறப்பவர், மூடுபவர், சூடு ஏறினால் முதலில் மோப்பம் பிடிப்பவர். சிறுவயதிலேயே அந்த ரூமுக்குள் இறங்கியவர். அந்தக் காலத்தில் காதுக்குக் கவசம் போடச் சொல்ல யாரும் இல்லை. பிறகு சொன்னபோது பழக்கம் வரவில்லை. "கவசத்தைப் போட்டா எஞ்சின் என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?" என்பார்.

கப்பலில் அவர் படுக்கும் அறை எஞ்சினுக்கு இரண்டு தளம் மேலே இருந்தது. ஆனாலும் உறுமல் இரும்பு வழியாக ஏறிவந்து தலையணைக்குள் நுழைந்துவிடும். அவருக்குத் தூக்கமே வருவதில்லை என்று அண்ணி குறைப்பட்டதைக் கேட்டுத்தான் அவள் புது மாடலில் ஒன்றை அண்ணனுக்குக் கொடுத்தாள்.

சில நாள் கழித்து அண்ணன் போன் செய்தார்.

"பாப்பா, உங்க கம்பெனி அரைகுறை வேலை பாத்திருக்கு."

"ஏன், என்னாச்சு?"

"அந்தப் பெரிய உறுமல் சுத்தமாப் போயிடுச்சு. அதுல ஒரு குறையும் சொல்லமாட்டேன். மாட்டினதும் கப்பல் கரையில நிக்குதோன்னு பயந்துட்டேன். ஆனா விசில் அப்படியே இருக்கு. டர்போ கத்துமில்ல, ஈய்ய்னு? அதை மட்டும் விட்டுட்டீங்க. முன்னாடி உறுமலோட உறுமலா அது தெரியல. இப்போ அது மட்டும்தான் கேக்குது. ஊசி மாதிரி."

அவள் சிரித்துவிட்டாள். அண்ணன் சொன்னது எந்த வாடிக்கையாளரும் சொல்லக்கூடியதுதான். எஞ்சினுக்குக் காற்றைத் தள்ளிக்கொடுக்கும் டர்போ மிக வேகமாகச் சுற்றும். விசில் அடிக்கத்தான் செய்யும்.

"அண்ணா, உறுமலோட அலை நீளமானது. ஒரு அலை ரூம் அகலத்துக்கு இருக்கும். எதிர் அலை கொஞ்சம் முன்னப்பின்ன வந்தாலும் பொருந்திப்போயிடும். விசிலோட அலை உன் விரல் நீளம்கூட இருக்காது. அதுல பாதி தூரம் தப்பினாப் போதும், மேட்டுக்குப் பள்ளம் வர வேண்டிய இடத்துல மேட்டுக்கு மேடு வந்துடும். அப்புறம் சத்தம் குறையாது, கூடிடும். அதனாலதான் மேல்சத்தத்தைக் காதைச் சுத்தி இருக்கற பஞ்சு பாத்துக்கட்டும்னு விட்டுடுவோம்."

"பஞ்சு பாத்துக்கல பாப்பா."

"சரி, நான் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டுப் போனை வைத்தவளுக்கு விஷயம் பிடித்துப்போயிற்று. மேனேஜரிடம் சொன்னாள். கப்பலில் வேலை செய்பவர்களுக்கென்று ஒரு மாடல் போடலாமா என்று அவரும் யோசித்துக்கொண்டிருந்தார், உடனே தலையாட்டினார். மாப்பிள்ளையைக் காரின் முன்சீட்டில் வைத்து பெல்ட் போட்டு, துறைமுகத்துக்கு ஓட்டிப்போனாள். வழியனுப்பிவைக்க வந்திருந்த அண்ணி கார் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள்.

"கடைசியில ஒருத்தரைக் கூட்டிட்டு வந்துட்ட. குணம் எப்படி?"

"சொன்ன பேச்சைக் கேப்பாரு அண்ணி."

"அப்போ விட்டுடாத."

எஞ்சின் ரூமில் இறங்கியதும் அவளுக்கு நெஞ்சுக்கூடே அதிர்ந்தது. அண்ணன் கையசைத்துத்தான் பேசினார். டர்போ எது என்று சுட்டிக் காட்டினார். அவள் மைக்கை நீட்ட, மடிக்கணினித் திரையில் உறுமலின் பெரிய மேட்டுக்கு வெகுதூரம் தள்ளி, விசிலின் ஒற்றைக் கம்பம் நிமிர்ந்து நின்றது. இருக்கிறது. அண்ணன் சொன்னது சரி. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு மேலே அண்ணனின் அறைக்கு மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கட்டிலில் உட்காரவைத்து, தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, கதவைச் சாத்திப் பதிவு செய்தாள். உறுமல் ஹெட்ஃபோனுக்கு வெளியே பெரிதாக இருந்தது, உள்ளே படுத்துவிட்டது. விசிலைத் தேடினாள். இல்லை. ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுத் தேடினாள். அப்போதும் இல்லை. யோசித்துப் பார்த்தால் இருக்கவும் நியாயம் இல்லை. கனமான உறுமல்தான் இரும்புத் தளங்களைத் தாண்டிவரும். மெல்லிய விசில் முதல் தளத்தின் இரும்பிலும் அதன் அடியில் சத்தம் தடுக்கத் திணித்த கம்பளியிலுமே செத்துவிடும்.

"கேக்குதா, பாத்தியா?" என்றார் அண்ணன்.

"பாத்துட்டு இருக்கேன்," என்றாள். மைக்கின் இணைப்பு தளர்ந்திருக்கும் என்று நினைத்து ஒவ்வொன்றையும் பிடுங்கி மறுபடி செருகினாள்.

கப்பல் அக்கரையில் போய் நின்றது. பயணிகள் இறங்கினார்கள். எஞ்சினை நிறுத்தி, கரையிலிருந்து மின்சாரம் இழுத்தார்கள். கப்பலே மூச்சை விட்டது போல அமைதி. கீழ்த்தளத்தில் சமையல்காரர் பாத்திரம் அடுக்குவது தெளிவாகக் கேட்டது. அண்ணன் கட்டிலில் சாய்ந்து, மாப்பிள்ளையிடமிருந்து ஹெட்ஃபோனை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டார்.

"இதோ. இப்போ நல்லாத் தெரியுது பாரு. என்னமாக் கத்துது. இதைத்தான் சொன்னேன்."

அவள் கையிலிருந்த கம்பி அப்படியே நின்றது.

"அண்ணா, எஞ்சினை நிறுத்தியாச்சு."

"தெரியும். டர்போ சுத்தி நிக்கக் கொஞ்ச நேரம் ஆகும்."

"நிறுத்தி ரொம்ப நேரமாச்சு அண்ணா. சமையல்காரர் சாப்பாடே முடிச்சுட்டாரு."

அண்ணன் ஹெட்ஃபோனைக் கழற்றினார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டார். மறுபக்கம் சாய்த்துக் கேட்டார். எழுந்து போய்க் கதவைத் திறந்து நடையில் நின்றார். பின் திரும்பி வந்து, அவள் மடியில் இருந்த திரையைப் பார்த்தார். அதில் தரை மட்டமாக ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது.

"உன் மிஷின் சரியில்ல," என்றார்.

"இருக்கலாம்," என்றாள் அவள்.

காது மருத்துவர் ஒரு பெண். பொறுமைசாலி. அண்ணனைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்துச் சோதித்துவிட்டு, வரைபடத்தை மேசையில் வைத்தார். கனமான சத்தங்களைக் கேட்பதில் குறைவில்லை. சுருதி மேலே போகப்போகக் கோடு பள்ளத்தில் விழுந்தது. அங்கே கேட்கும் நரம்பு செல்கள் போய்விட்டன, போனது திரும்பாது என்றார். காதிலிருந்து தகவல் வராத அந்த இடத்தை மூளை தானாகவே ஒரு சத்தத்தால் நிரப்பிக்கொள்கிறது, விசில் அதுதான்.

"மருந்து?" என்றாள் அண்ணி.

"இதை நிறுத்துற மருந்து இல்லம்மா. நிறைய பேருக்கு நாளாக ஆகப் பழகிடும். கவனம் அது மேல போகாம இருக்கப் பயிற்சி இருக்கு. மெதுவா மழை மாதிரி ஒரு சத்தம் கொடுக்கற கருவி இருக்கு. ரொம்ப அமைதியான இடத்துல இருக்க வேண்டாம். ரொம்ப சத்தமான இடத்துலயும் கூடவே கூடாது. முக்கியமா அது. கவசம் இல்லாம எஞ்சின் ரூமுக்குள்ள போனா இருக்கறதும் போயிடும்."

காருக்கு வந்ததும் அண்ணன் அவளிடம் திரும்பினார். "டாக்டர்கிட்ட இல்ல. உன்கிட்டதான் இருக்கு."

"என்ன இருக்கு?"

"அவ்ளோ பெரிய எஞ்சினையே அடக்கறீங்க. இத்துனூண்டு விசில். அதுக்கு எதிரா ஒண்ணு போட முடியாதா?"

பின்சீட்டிலிருந்து அண்ணி, "போட்டுத்தான் பாரேன்" என்றாள். கேலிக்காரியான அண்ணியின் குரலில் அன்று கேலி இல்லை.

முடியாது என்பது அவளுக்கு அப்போதே தெரியும். சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. அதோடு, உள்ளுக்குள் ஒரு மூலையில் அவளுக்கும் ஒரு நப்பாசை இருந்தது. படித்ததற்கும் வேலை பார்த்ததற்கும் வெளியே ஏதாவது மிச்சம் இருக்காதா என்கிற ஆசை.

விடுமுறை நாளில், மேனேஜரிடம் அனுமதி வாங்கி, அண்ணனை அமைதி அறைக்குள் கூட்டிப்போனாள். நாலு சுவரிலும் மேலும் கீழும் நுரைமுக்கோணங்கள். கம்பி வலைமேல்தான் நடக்க வேண்டும். பேசினால் குரல் வாயைத் தாண்டியதும் விழுந்துவிடும். கதவைச் சாத்தியதும் அண்ணன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

"திற, திற! என்னால முடியல. மண்டைக்குள்ள ரம்பம் போடுது!"

புத்தி கெட்டவள் நான் என்று தன்னைத் திட்டிக்கொண்டே அவரை வெளியே இழுத்துவந்தாள். மருத்துவர் சொன்ன பிறகும் இதைச் செய்தாளே! தன்னுடைய வேலை மேசையில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஜன்னலைத் திறந்துவிட்டாள். ஏ.சி. இரைச்சல், ஜன்னலுக்கு வெளியே வண்டிகள். அவர் மூச்சு சீரானது.

முதலில் அவருக்குத் தெரிந்ததையே காட்டினாள். ஸ்பீக்கரில் எஞ்சின் உறுமல், தலையில் ஹெட்ஃபோன். பொத்தானை அமுக்கினாள். உறுமல் போயிற்று. அண்ணன் தலையாட்டினார். பிறகு ஹெட்ஃபோனுக்குள் ஒரு மெல்லிய ஓசையை மிகக் குறைவாக வைத்து, மெல்ல மெல்ல மேலே ஏற்றினாள்.

"இன்னும் மேல. இன்னும். நிறுத்து, தாண்டிட்ட. கொஞ்சம் கீழ. ஆங். இதேதான். அச்சு அசல் இதேதான்!" அண்ணன் மேசையைத் தட்டினார். "என் தலைக்குள்ள இருக்கறதை நீயும் கேட்டுட்டடி!"

அவள் ஒரு பக்கக் காதுவட்டைத் தன் காதில் வைத்துக் கேட்டாள். சின்ன, கூரிய, சலனமே இல்லாத ஒரு கோடு. இதோடுதான் இவர் சாப்பிடுகிறார், தூங்குகிறார்.

"இப்போ இதைத் தலைகீழாக்கு," என்றார் அண்ணன்.

ஆக்கினாள்.

"ஆக்கிட்டியா?"

"ஆக்கிட்டேன்."

"அதே மாதிரிதான இருக்கு?"

"தலைகீழா இருந்தாலும் தனியாக் கேட்டா காதுக்கு ஒரே மாதிரிதான் கேக்கும் அண்ணா. இன்னொரு அலையோட சேரும்போதுதான் வித்தியாசம்."

"அப்போ சேத்துடு. கொஞ்சம் முன்ன தள்ளு. பின்ன தள்ளு. நீதான சொன்ன, விரல் நீளம்தான், பொருந்தணும்னு."

அவள் அலையை முன்னே தள்ளினாள். பின்னே தள்ளினாள். ஒரு முழுச் சுற்று சுற்றி ஆரம்பித்த இடத்துக்கே வந்தாள். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார். எங்கேயாவது ஒரு புள்ளியில் அவர் முகம் மலர்ந்துவிடாதா என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மலரவில்லை. இரண்டு விசிலும் சேர்ந்து கேட்கிறது, அவ்வளவுதான் என்றார். அவள் தோற்றுப்போய் ஓசையை நிறுத்தினாள்.

அண்ணன் கண்ணைத் திறந்தார். வாய் பிளந்தது.

"பாப்பா."

"என்ன?"

"நின்னுடுச்சு."

"என்ன சொல்ற?"

"விசில். இல்ல. ஒண்ணுமே இல்ல." அவர் எழுந்தார். ஜன்னலருகே போய் நின்றார். அறுபதை நெருங்கும் மனிதர், மாப்பிள்ளையின் தலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "எங்க வீட்டு மருமகன்யா நீ! கேக்குதா பாப்பா, ஒண்ணுமே கேக்கல!"

அவளும் ஒரு நிமிடம் நம்பினாள். அந்த ஒரு நிமிடத்துக்குள் அண்ணன் சிரிப்பு பாதியில் நின்றது. தலை ஒருபக்கம் சாய்ந்தது.

"வருது," என்றார். "தூரத்துல இருந்து வருது."

வந்துவிட்டது. மறுபடி போடச் சொன்னார். போட்டாள். நிறுத்தியதும் மறுபடி கொஞ்ச நேரம் அடங்கியது; மறுபடி வந்தது. மூன்றாவது தடவை அவள் அவரிடம் சொல்லாமல் அலையைத் தலைகீழாக்காமல், நேராகவே வைத்தாள். அதற்கும் அதே அளவு அடங்கியது. நான்காவது தடவை, விசிலே இல்லாமல் வெறும் காற்றிரைச்சலை வைத்தாள். அதற்கும் கொஞ்சம் அடங்கியது. இது எதிர் அலை செய்த வேலையே இல்லை. வெளியே ஒரு சத்தத்தைச் சற்று நேரம் கேட்டுக் களைத்த மூளை, அது நின்றதும் சிறிது நேரம் வாயை மூடிக்கொள்கிறது. அவ்வளவுதான். பிறகு மருத்துவரிடம் கேட்டபோது அவரும் அதையேதான் சொன்னார்: சிலருக்கு அப்படி நடக்கும், நிலைக்காது.

"நீ போட்டது எதிர் அலைதான?" என்று கேட்டார் அண்ணன். அவர் கேட்ட விதத்தில் ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது.

"இல்லண்ணா. கடைசி ரெண்டும் இல்ல. எதைப் போட்டாலும் இதே மாதிரிதான் கொஞ்சம் அடங்குது." பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "காத்துல ஒரு அலை இருந்தாத்தான் காத்துல இன்னொரு அலை விட்டு அதை அடக்க முடியும். எஞ்சின் காத்தைத் தள்ளுது. அதனால எதிர்த்துத் தள்றேன். உன் விசில் காத்துல இல்ல. காதுக்குள்ள விட்ட மைக்குக்குக்கூட அது கேக்கல. எதை எதிர்த்து நான் தள்றது, சொல்லு?"

அண்ணன் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு, "சத்தத்தை இன்னும் கூட்டி வெச்சா இன்னும் கொஞ்ச நேரம் அடங்குமா?" என்று கேட்டார்.

"கூட்டக் கூடாது. இருக்கற காதும் போயிடும்."

"சரி," என்றார். அந்தச் சரி சுலபமாக வந்தது. அப்போதே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்த முறை கப்பலுக்குப் போகும்போது அவர் ஹெட்ஃபோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். மருத்துவர் கொடுத்த மழைக் கருவியையும் கொண்டுபோகவில்லை. குழாயை மூட மறந்தது மாதிரி இருக்கிறது என்று முன்பே ஒதுக்கியிருந்தார். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. நன்றாகத் தூங்கினேன் என்றார். அண்ணி சந்தோஷப்பட்டாள். ஆனால் போகப்போக, முகத்துக்கு நேராகப் பேசினால் ஒழிய அவருக்கு எதுவும் புரியவில்லை. போனை எடுத்தால் "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு வைத்துவிடுவார்.

கப்பலில் கூட வேலை பார்ப்பவர் ஒருவரைக் கடைவீதியில் பார்த்தபோதுதான் அண்ணிக்கு விஷயம் தெரிந்தது. போனில் அவளிடம் சொன்னாள்.

"கவசமே போடறதில்லையாம். தன் நேரம் முடிஞ்சப்புறமும் மேல ஏறாம எஞ்சின் பக்கத்துலயே நிக்கறாராம். டர்போகிட்ட காதைக் கொடுத்துட்டு நிக்கறாராம். நான் கேட்டேன், ஏங்க இப்படின்னு. அந்தச் சத்தத்துல நின்னா விசில் தெரியல. மேல வந்தப்புறமும் கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு இருக்குன்னு சொல்றாரு. நீ குட்டியாச் செஞ்சு காட்டினதை எஞ்சின் பெருசாச் செய்யுதுன்னு சொல்றாரு."

விசிலை உண்டாக்கியதே அந்த எஞ்சின். இப்போது அதை மூடிமறைக்க அதே எஞ்சினிடம் போய் நிற்கிறார். அது மறைக்கும்; மறைத்துக்கொண்டே, மிச்சமிருக்கிற காதையும் தின்னும்; தின்னத்தின்ன விசில் ஏறும்; ஏறினால் இன்னும் கிட்டப்போய் நிற்பார். தடுத்தால், அமைதியில் அவரை அதோடு தனியாக விட வேண்டும். இரண்டில் எது நல்லது என்று அவளால் சொல்ல முடியவில்லை. யாராலும் சொல்ல முடியாது என்று தோன்றியது.

வீட்டுக்குப் போய் அண்ணனிடம் பேசிப் பார்த்தாள். கெஞ்சினாள். அழுதாள். "போடறேன், கவசம் போடறேன்" என்றார். போடவில்லை. போட்டால் வெளிச் சத்தம் குறைந்து விசில்தானே மேலே வரும், எப்படிப் போடுவார்? கடைசியில் அண்ணியும் அவளுமாகக் கப்பலின் தலைமை எஞ்சினியரைப் போய்ப் பார்த்தார்கள். அவர் மருத்துவரின் வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"எனக்கும் லேசா இருக்கும்மா," என்றார். "யாருகிட்டயும் சொல்லிக்கறதில்ல."

அண்ணனை எஞ்சின் ரூமிலிருந்து எடுத்து, கரையில் உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றினார்கள். ஆணியும் வாஷரும் அடுக்கிய இரும்பு அலமாரிகள், ஒரு மேசை, ஒரு மின்விசிறி. அதைவிட அமைதியான இடம் அந்தத் துறைமுகத்திலேயே கிடையாது. மாற்றச் சொன்னது யார் என்று அவருக்குத் தெரிந்துபோனது. அன்றிலிருந்து தங்கையோடு பேச்சு நின்றது. அவள் வீட்டுக்குப் போனால் உள்ளறைக்குப் போய்விடுவார். அந்த அறையில் டிவி, ரேடியோ, விசிறி எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். "சந்தைக்கு நடுவுல குடித்தனம் நடத்தற மாதிரி இருக்கு," என்றாள் அண்ணி. சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை.

கம்பெனியில், அண்ணனுக்குக் கொடுத்த அந்த மாடல் நன்றாக விற்றது. அமைதி என்றால் இதுதான் அமைதி என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். அவ்வப்போது ஒன்றிரண்டு ஹெட்ஃபோன்கள் அவள் மேசைக்குத் திரும்பி வந்தன. லாரி ஓட்டுபவர், நூல் ஆலையில் வேலை செய்பவர், விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுபவர். உள்ளே ஒரு விசில் கேட்கிறது, மாற்றித் தரவும் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். சிலவற்றில் உண்மையாகவே பழுது இருந்தது, அவற்றைச் சரிசெய்தாள். மற்றவற்றை மாப்பிள்ளையின் தலையில் மாட்டி, திரையில் அந்தத் தட்டையான கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். காது மருத்துவரைப் பார்க்கச் சொல்லி ஒரு வரி சேர்க்கலாமே என்று மேனேஜரிடம் கேட்டாள். நம் ஹெட்ஃபோனைப் போட்டால் காது கெட்டுவிட்டது என்று ஊரெல்லாம் பேச ஆரம்பித்துவிடும் என்று அவர் மறுத்துவிட்டார். 'பழுது இல்லை' என்று எழுதி அனுப்பினாள்.

மழைக்காலம் தொடங்கியபோது அண்ணி கூப்பிட்டாள். அண்ணன் கிடங்கு வேலைக்கு ஒழுங்காகப் போவதில்லை, சம்பளமில்லா விடுப்பு போட்டுவிட்டுக் காலையில் எங்கோ கிளம்பிப் போகிறார் என்றாள். எங்கே என்று அவளுக்குக் கேட்காமலே தெரிந்தது.

ஃபெர்ரிக்கு டிக்கெட் எடுத்து ஏறினாள். பயணிகள் தளத்தின் பின்கோடியில், எஞ்சினின் புகைக்குழாய் மேலேறும் இரும்புச் சுவர் ஒன்று உண்டு. சூடும் அதிர்வும் தாங்காமல் யாரும் அந்தப் பக்கம் உட்காரமாட்டார்கள். அங்கேதான் இருந்தார். பயணியைப் போல ஒரு சட்டை, கையில் ஒரு பை. இடது காதை அந்த இரும்போடு ஒட்டவைத்து, கண்ணை மூடியிருந்தார். அக்கரைக்குப் போய், இறங்காமல், திரும்பி வருகிறவர் என்று அங்கே டீ விற்பவர் சொன்னார். சில நாளில் இரண்டு தடவை.

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பெஞ்சு அவள் பல்லைக் கிடுகிடுக்க வைத்தது. அண்ணன் கண் திறந்து பார்த்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தாள். போகவில்லை.

"அண்ணா, வீட்டுக்கு வா," என்றாள்.

"என்ன?"

"வீட்டுக்கு வான்னு சொன்னேன்!"

அவர் அவள் உதட்டைப் பார்த்தார். புரிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. "இங்க கொஞ்சம் பரவால்ல," என்றார். "முன்ன அளவுக்கு இல்ல. முன்ன நல்லா அடங்கும். இப்போ எஞ்சினையும் தாண்டிக் கேக்குது."

அவள் கையைப் பிடித்தாள். பிடிக்க விட்டார். என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை, சொன்னாலும் கேட்காது. மன்னிச்சுடு என்று ஒருமுறை சொன்னாள். அதை அவர் பார்க்கவில்லை. ஜன்னல் கண்ணாடியில் மழை அடித்துக்கொண்டிருந்தது. கப்பல் திரும்பத் தொடங்கியதும் எஞ்சின் வேகத்தைக் குறைத்தார்கள். உறுமல் இறங்கியது. அண்ணனின் முகம் சுருங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு, இரும்புச் சுவரோடு இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். அவள் அவருக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டாள்.